முடுக்குக்கு ஒரு வேகத்தடை: நகராட்சி மனுவில் என்ன இருக்க வேண்டும்

“எங்கள் தெருவில் வாகனங்கள் அதிவேகமாகச் செல்கின்றன. உடனடியாக வேகத்தடை அமைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.” நகராட்சிக்குப் போகும் பல மனுக்கள் இந்த இரண்டு வரியோடு முடிந்துவிடும். கீழே முப்பது கையெழுத்து இருக்கும். மனு தபால் பிரிவில் பதிவாகி, பொறியியல் பிரிவுக்குப் போய், உதவிப் பொறியாளர் மேசையில் உட்கார்ந்துகொள்ளும். அவர் நல்லவராகவே இருந்தாலும் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எந்த இடத்தில், எத்தனை, சாலையின் அகலம் என்ன, தார்ச் சாலையா சிமெண்ட் சாலையா, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்த வீட்டுக்காரர் மறுப்பார் என்று எதுவும் அதில் இல்லை. மதிப்பீடு போடத் தேவையான இந்த விவரங்களைத் தெருக்காரர்களே சேகரித்துக் கொடுத்துவிட்டால், அந்தக் காகிதத்துக்கு உயிர் வந்துவிடும்.

எல்லையோர ஊர்களில் இந்தத் தொல்லைக்குத் தனி முகம் உண்டு. செங்கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை 744 ஊரைத் தொட்டுக்கொண்டு புளியரை வழியாகக் கேரளத்துக்குள் ஏறுகிறது. பெரிய சாலையில் லாரிகள் வரிசை கட்டி நின்றால் பைக்கும் ஆட்டோவும் காரும் முடுக்குகள் எனப்படும் பக்கத்துக் குறுகிய தெருக்களுக்குள் புகுந்து அடுத்த முக்கில் வெளியேறப் பார்க்கும். வீட்டு நடையிலிருந்து கால் வைத்தால் நேரே சாலை என்றிருக்கும் தெருக்கள் இவை. தமிழே வாசிக்கத் தெரியாத ஓட்டுநரும் இந்த வழியில் வருவார். இந்த ஒரு விஷயத்தை மனு எழுதும்போது மறக்கக் கூடாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பேச வசதியாக ஒரு மாதிரி முடுக்கை வைத்துக்கொள்வோம். மேற்கே பெரிய சாலையில் தொடங்கி, கிழக்கே வாய்க்கால் கரைச் சாலையில் முடிகிறது. நீளம் 170 மீட்டர், அகலம் 3.6 மீட்டர். மேற்கு முனையிலிருந்து 95 மீட்டரில் ஒரு திருப்பம். அங்கே ஒரு வீட்டுச் சுற்றுச்சுவர் பார்வையை மறைக்கிறது. திருப்பம் தாண்டி 110 மீட்டரில் அங்கன்வாடி. இரண்டு பக்கமும் சாக்கடைத் தண்ணீர் ஓடும் திறந்த வாறுகால்.

முதலில் செய்ய வேண்டியது, சாலை யாருடையது என்று உறுதிப்படுத்திக்கொள்வது. முடுக்கு நகராட்சி எல்லைக்குள் இருக்கிறதா, பாதியில் ஊராட்சி எல்லை தொடங்கிவிடுகிறதா என்பதைப் பொறியியல் பிரிவில் கேட்டால் சொல்வார்கள். முடுக்கு சேரும் பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. அதில் வேகத்தடை போட நகராட்சிக்கு அதிகாரம் இல்லை. தேசிய நெடுஞ்சாலையில் வேகத்தடையே கூடாது என்பதுதான் மத்திய அமைச்சகத்தின் நிலை. எனவே “முடுக்கு வாசலில் பெரிய சாலையிலும் ஒன்று” என்று மனுவில் சேர்த்தால், அந்த ஒரு வரிக்காகவே மொத்த மனுவும் வேறு அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்பப்படலாம். முடுக்குக்குள் வேண்டியதை மட்டும் கேளுங்கள்.

அடுத்தது வேகம். “அதிவேகம்” என்ற சொல் அலுவலகத்தில் எடுபடாது, எண் எடுபடும். அதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. சாலையில் 30 மீட்டர் இடைவெளியில் இரண்டு சுண்ணாம்புக் கோடு போடுங்கள். ஒருவர் முதல் கோட்டருகே நின்று, வண்டியின் முன் சக்கரம் தொட்டதும் கையை இறக்க வேண்டும். இரண்டாவது கோட்டருகே நிற்பவர் கைபேசியின் நிறுத்தக் கடிகாரத்தை அப்போது தொடங்கி, சக்கரம் தன் கோட்டைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். 108-ஐ அந்த வினாடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். 3 வினாடி என்றால் 36 கி.மீ.; 2.4 வினாடி என்றால் 45. கோடுகளைப் பத்து மீட்டருக்குக் குறுக்காதீர்கள். கையும் கண்ணும் சேர்ந்து கால் வினாடி பிசகும். தூரம் குறைந்தால் அந்தப் பிசகே கணக்கைக் கெடுத்துவிடும். நிற்பவர்கள் சாலையில் தெரியும்படி நின்றால் ஓட்டுநர்கள் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். வீட்டு நடையில் உட்கார்ந்து செய்வதே சரி. பள்ளி விடும் நேரம் ஒரு மணி, இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு மணி, ஒரு வேலை நாள், ஒரு ஞாயிறு: இவ்வளவு போதும். வேகமாகப் போகிறவர்களில் தெருப் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களையும் சேர்த்தே எண்ணுங்கள். வெளியூர் வண்டிகளை மட்டும் குறித்த பட்டியலை எந்தப் பொறியாளரும் நம்ப மாட்டார்.

வேகத்தோடு சேர வேண்டிய இன்னோர் அளவு, பார்வைத் தூரம். திருப்பத்துக்கு அந்தப்பக்கம் அங்கன்வாடிப் பக்கமாக ஒருவரை நிறுத்துங்கள். வண்டி ஓட்டுபவர் உட்கார்ந்திருக்கும் உயரத்துக்குக் குனிந்தபடி மேற்கிலிருந்து வந்தால் எந்த இடத்தில் அவர் முதலில் தெரிகிறார் என்று பார்த்து நாடாவால் அளக்க வேண்டும். நம் மாதிரி முடுக்கில் 12 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 36 கி.மீ. என்றால் வினாடிக்குப் பத்து மீட்டர். ஆளைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஒரு வினாடி போனால் அதிலேயே பத்து மீட்டர் போய்விட்டது. நல்ல பிரேக் பிடித்து நிற்க மேலும் பத்து மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் 20. கண்ணுக்குத் தெரிவதோ 12. அதே வண்டி 20 கி.மீ. வேகத்தில் வந்தால் ஒன்பது மீட்டருக்குள் நின்றுவிடும். இந்தக் கணக்கை மனுவில் மூன்று வரியில் எழுதினால், “அதிவேகம்” என்று பத்து முறை எழுதியதைவிடக் கனமாக இருக்கும். விபத்து எதுவும் காவல் நிலையத்தில் பதிவாகியிருந்தால் அதன் எண்ணையும் தேதியையும் குறிப்பிடுங்கள். பதிவாகாததை “நாள்தோறும் விபத்து” என்று ஊதி எழுத வேண்டாம். போக்குவரத்துக் காவல்துறையிடம் கருத்துக் கேட்கும்போது அது அடிபட்டுப் போகும், கூடவே மனுவின் மற்ற வரிகளும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

இனி வேகத்தடையின் வடிவம். இதை மனுவில் எழுதாமல் விடுவதால்தான் எத்தனையோ தெருக்களில் வேகத்தடையே தொல்லையாகிவிடுகிறது. ஓர் அடி அகலத்தில் அரையடி உயரத்துக்குத் தாரையோ சிமெண்டையோ குவித்துவைத்தால் அது வெறும் திண்டு. முன் சக்கரம் ஏறி இறங்கும்போது ஒரு அடி, பின் சக்கரத்துக்கு இன்னோர் அடி. முதுகுவலிக்காரர், கர்ப்பிணி, ஆம்புலன்ஸில் போகும் நோயாளி எல்லோரும் அதை வாங்கிக்கொள்ள வேண்டும். இரவில் தெரியாமல் வரும் பைக் தூக்கி எறியப்படும். பிறகு அதே தெருக்காரர்களே அதை உடைக்கச் சொல்லி மனுப் போடுவார்கள்.

சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இண்டியன் ரோட்ஸ் காங்கிரஸ் என்ற அமைப்பு 1988-இல் வெளியிட்ட ஐ.ஆர்.சி. 99 என்ற வழிகாட்டி, சிறு சாலைகளுக்கு ஒரு மேடு சொல்கிறது: வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் நீளம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு போன்ற வளைவு. மணிக்கு சுமார் 25 கி.மீ. வேகத்தில் கடக்கத் தோதான வடிவம் இது. நீளம்தான் இதன் சூட்சுமம். காரின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே ஏறத்தாழ இரண்டரை மீட்டர்தான். எனவே நான்கு சக்கரமும் மேட்டின் மேலேயே இருக்கும் நேரம் ஒன்று வரும். மெதுவாக வருகிறவருக்கு அது ஒரு மெல்லிய ஏற்ற இறக்கம். வேகமாக வருகிறவருக்கு மட்டும் வண்டி எகிறும். தண்டனை வேகத்துக்குத்தானே ஒழிய வண்டிக்கு இல்லை. இந்த வழிகாட்டியின் திருத்திய பதிப்பு 2018-இல் வந்தது. எந்த வேகத்துக்கு எந்த வடிவம் என்பதைப் பொறியாளர் அதில் பார்த்து முடிவு செய்யட்டும். நாம் “ஐ.ஆர்.சி. 99 அளவின்படி வட்ட வடிவ மேடு” என்று எழுதிவிட்டால், ஒப்பந்தக்காரர் மிச்சத் தாரைக் கொட்டிவிட்டுப் போக வழியில்லை. செலவைப் பற்றியும் பயப்பட வேண்டியதில்லை. 3.6 மீட்டர் அகல முடுக்கில் இந்த மேட்டுக்கு ஒரு கனமீட்டருக்கும் குறைவான தார்க்கலவைதான் தேவைப்படும்.

போல்ட் போட்டு இறுக்கும் ரப்பர்த் துண்டுகளைச் சிலர் கேட்கிறார்கள். அரை நாளில் வேலை முடிந்துவிடும் என்பது உண்மை. ஆனால் அவை குறுகலானவை. அதிர்வு திண்டைப் போலவேதான். பாரவண்டி ஏற ஏற போல்ட் தளர்ந்து, ஒரு துண்டு பெயர்ந்தால் ஆணி மேலே நீட்டிக்கொண்டிருக்கும். வீடுகள் நெருங்கிய முடுக்குக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

எங்கே போடுவது என்பதில்தான் தெருக்காரர்களின் அறிவு பொறியாளருக்கு வேண்டும். திருப்பத்தின் மேலேயே போடக் கூடாது. வளைந்து சாய்ந்திருக்கும் பைக் அங்கே வழுக்கும். திருப்பத்துக்குச் சற்று முன்பாக, நேரான இடத்தில், சாலைக்குச் செங்குத்தாக வர வேண்டும். நம் முடுக்கில் மேற்கிலிருந்து 80 மீட்டரில் ஒன்று. கிழக்கிலிருந்து வருகிறவர்களுக்கு அங்கன்வாடி தாண்டி 125 மீட்டரில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே 45 மீட்டர், அதிலும் ஒரு திருப்பம். வண்டி மறுபடி வேகம் எடுக்க இடமில்லை. ஒன்றுதான் முடியும் என்று நகராட்சி சொன்னால் மேற்கு மேட்டைக் கேளுங்கள், பெரிய சாலையின் வேகத்தோடு வருகிறவர்கள் அந்தப் பக்கத்தார் என்பதால். முடுக்கு வாசலிலேயே மேடு வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். அங்கே போட்டால், உள்ளே திரும்பும் வண்டி மேட்டுக்காகத் தயங்கும்போது அதன் வால் நெடுஞ்சாலையில் நிற்கும், பின்னால் லாரி.

மேட்டுக்குக் கீழே குடிநீர் வால்வு, பாதாளச் சாக்கடை மூடி, வீட்டு இணைப்புக் குழாய் எதுவும் இருக்கக் கூடாது. ஆறு மாதத்தில் தோண்ட வருவார்கள். தோண்டிய பிறகு மேட்டைத் திரும்பக் கட்டுவது யார் வேலை என்பது தனி வழக்காகும். தெருவிளக்கு வெளிச்சம் விழும் இடமாகப் பார்க்க வேண்டும். எவர் வீட்டு நடைக்கும் நேர் எதிரே வேண்டாம். இரவில் வண்டி பிரேக் போடும் சத்தமும் மறுபடி முறுக்கும் சத்தமும் அந்த வீட்டுக்குத்தான் விழும். அதிகாரிகள் வந்து அளக்கும் நாளில், “என் வீட்டு முன்னால் வேண்டாம்” என்று ஒருவர் கிளம்பினால் வேலை அன்றே நின்றுவிடும். ஆகவே ஐம்பது பொதுக் கையெழுத்தைவிட மேட்டுக்கு அருகேயுள்ள நாலைந்து வீட்டுக்காரர்களின் சம்மதக் கையெழுத்து விலை உயர்ந்தது. அதைக் கதவு எண்ணோடு தனித்தாளில் வாங்குங்கள். ஒருவர் மறுத்தால் மேட்டைப் பத்து மீட்டர் நகர்த்த முடியுமா என்று முதலில் பாருங்கள்.

தண்ணீரை மறந்தவர்கள் மழையில் வருந்துவார்கள். தென்மேற்குப் பருவத்தில் மலையடிவாரத்தில் சாரல் விடாமல் விழும். முடுக்கில் தண்ணீர் சாலை ஓரமாகத்தான் வழிந்தோடும். சுவரிலிருந்து சுவர்வரை மேடு கட்டினால் அது அணையாகிவிடும். தண்ணீர் தாழ்வான வீட்டு நடைக்குள் ஏறும். ஓரத்தில் அகலமாக இடைவெளி விட்டால் பைக்குகள் அதன் வழியே நுழைந்து போய்விடும், அதுவும் வாறுகால் விளிம்பில். நடுவழி ஒன்று உண்டு. மேட்டின் இரு முனையும் வாறுகாலை நோக்கிச் சரிந்து இறங்க வேண்டும். ஓரத்தில் ஒரு கையகல வழி மட்டும் விட வேண்டும். மேட்டுக்கு மேல்பக்கத்திலேயே தண்ணீர் வாறுகாலில் விழ ஒரு திறப்பு இருக்க வேண்டும். தண்ணீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்று வரைபடத்தில் அம்புக்குறி போட்டுக் கொடுத்தால் போதும், பொறியாளருக்கு மற்றது புரியும். சாலை சிமெண்ட் என்றால் அதையும் எழுதுங்கள். சிமெண்ட் பரப்பைக் கொத்திவிட்டு, ஒட்டுத்தார் தெளிக்காமல் மேலே தார்மேடு போட்டால் முதல் மழைக்காலத்திலேயே ஓரம் பெயரும்.

எச்சரிக்கைப் பலகை இல்லாத வேகத்தடை, தெரியாமல் வருகிறவருக்குப் பொறி. அதனால் மனுவில் இரண்டையும் ஒரே வேலையாகக் கேட்க வேண்டும். பலகை தனியாக அப்புறம் வரும் என்று விட்டால் வராது. ஐ.ஆர்.சி. 99 பலகையை மேட்டுக்கு 40 மீட்டர் முன்னால் வைக்கச் சொல்கிறது. நம் முடுக்கில் அது மேற்கிலிருந்து 40 மீட்டரிலும், கிழக்குப் பக்கம் 165 மீட்டரிலும் வரும், அதாவது கிழக்கு வாசலையொட்டி. முடுக்கு இதைவிடக் குட்டையாக இருந்தால் வாசலிலேயே வைக்க வேண்டியிருக்கும். சிவப்பு விளிம்புள்ள வெள்ளை முக்கோணம், உள்ளே மேட்டின் கருப்புப் படம், இரவில் ஒளிரும் தகடு: இதுதான் முறையான பலகை. ஆரம்பத்தில் சொன்ன விஷயத்துக்கு இப்போது வருகிறேன். நம் ஊர்களில் பெரும்பாலும் “மெதுவாகச் செல்லவும்” என்று தமிழில் எழுதிய ஒரு தகரத்தை மாட்டிவிட்டுப் போவார்கள். கொல்லத்திலிருந்து வரும் ஓட்டுநருக்கு அது வெறும் கோடுகள். முக்கோணப் படமோ நாடு முழுவதும் ஒன்றே. அதனால் படமுள்ள பலகையையே கேளுங்கள்; எழுத்துத் தகடு அதற்குக் கீழே வரட்டும், முடிந்தால் மலையாளத்திலும். தகட்டின் அடி விளிம்பு ஏழடி உயரத்துக்குக் கீழே வரக் கூடாது, இல்லாவிட்டால் நடக்கிறவர் தலை இடிக்கும். குறுகிய முடுக்கில் தனிக்கம்பம் நட இடம் இருக்காது. எந்த மின்கம்பத்தில் அல்லது யார் சுவரில் பொருத்தலாம் என்று நீங்களே குறிப்பிடுங்கள். மின்கம்பம் என்றால் மின்வாரியத்தின் அனுமதியும் வேண்டும்.

இவ்வளவும் கையில் இருந்தால் மனு ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும்:

அனுப்புநர்: பெயர், கதவு எண், தெரு, வார்டு எண், கைபேசி எண்.
பெறுநர்: நகராட்சி ஆணையாளர் அவர்கள், நகராட்சி அலுவலகம்.
பொருள்: வார்டு எண் __, ______ முடுக்கில் இரண்டு வேகத்தடைகளும் எச்சரிக்கைப் பலகைகளும் அமைக்க வேண்டுதல் தொடர்பாக.

ஐயா, வணக்கம். மேற்படி முடுக்கு 170 மீட்டர் நீளமும் 3.6 மீட்டர் அகலமும் உள்ள நகராட்சித் தார்ச் சாலை. வீடுகளின் வாசல்கள் நேரே சாலையில் திறக்கின்றன. திருப்பத்தை அடுத்து அங்கன்வாடி உள்ளது. பெரிய சாலையில் நெரிசல் ஏற்படும்போது வாகனங்கள் இதைக் குறுக்குவழியாகப் பயன்படுத்துகின்றன. மாலை 4 முதல் 5 மணி வரை எடுத்த கணக்கில் இவ்வழியே சென்ற 62 வாகனங்களில் 19 வாகனங்கள் மணிக்கு 36 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில் சென்றன. திருப்பத்தில் பார்வைத் தூரம் 12 மீட்டர். அந்த வேகத்தில் வண்டி நிற்க 20 மீட்டர் தேவை.

ஆகவே மேற்கு முனையிலிருந்து 80 மற்றும் 125 மீட்டரில், மழைநீர் ஓட வழிவிட்டு, ஐ.ஆர்.சி. 99 அளவின்படி வட்ட வடிவ மேடுகள் அமைத்து, கருப்பு வெள்ளைப் பட்டைகளும் ஒளிரும் குறிகளும் இட்டு, படத்துடன் கூடிய எச்சரிக்கைப் பலகைகளை 40 மற்றும் 165 மீட்டரில் அதே வேலையின் பகுதியாக நிறுவித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். உதவிப் பொறியாளர் தலப் பார்வைக்கு வரும் நாளை முன்கூட்டியே தெரிவித்தால் உடனிருந்து இடம் காட்டுவோம்.

இணைப்பு: வரைபடம், படங்கள், வேகக் கணக்கு, அருகிலுள்ள வீட்டுக்காரர்களின் சம்மதம், தெருவாசிகளின் கையெழுத்து.

எண்கள் மாதிரிதான், உங்கள் முடுக்கில் அளந்ததைப் போடுங்கள். படங்களில் ஒன்று திருப்பத்தின் பார்வைத் தூரத்தைக் காட்ட வேண்டும், ஓட்டுநரின் கண் உயரத்திலிருந்து எடுத்தது. வரைபடம் கையால் வரைந்தாலே போதும். வடக்கு எது என்றும், இரண்டு மூன்று கதவு எண்களும் இருந்தால் பொறியாளர் இடத்தைத் தவற மாட்டார்.

மனுவை நேரில் கொண்டுபோய் நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். ஒரு பிரதி வார்டு கவுன்சிலருக்கு, ஒன்று போக்குவரத்துக் காவல் ஆய்வாளருக்கு. வேகத்தடைக்குக் காவல்துறையின் கருத்தை நகராட்சி கேட்பது வழக்கம். அவர்கள் கையில் முன்பே பிரதி இருந்தால் அந்தக் கட்டம் சீக்கிரம் முடியும். அடுத்த கேள்வி நிதி. இரண்டு மேட்டுக்கென்று தனி வேலை எடுக்க எந்த ஒப்பந்தக்காரரும் ஆவலாக வர மாட்டார். வார்டில் எங்காவது தார் போடும் வேலை வருகிறதா என்று கவுன்சிலரிடம் கேட்டு, அதனோடு சேர்க்கச் சொல்வதே நடைமுறைக்கு உகந்த வழி. மாறாக, முடுக்கில் குழாய் பதிக்கும் வேலை வரப்போகிறது என்றால் அது முடியும்வரை பொறுப்பதே நல்லது.

பதில் வராவிட்டால் நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டம் 2005-இன் பிரிவு 6(1)-இன் கீழ் எழுதுங்கள். கட்டணம் பத்து ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். “ஏன் செய்யவில்லை” என்று கேட்டால் பதில் வராது. காரணம் கேட்கும் கேள்வியைத் தகவல் அல்ல என்று தள்ளிவிடலாம். இன்ன தேதியிட்ட மனுவின் கோப்பு எண், தலப் பார்வை அறிக்கையின் நகல், காவல்துறைக்கு எழுதிய கடிதத்தின் நகல் என்று காகிதங்களைக் கேளுங்கள். அவை இல்லை என்று பதில் வந்தால், வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். அதை இணைத்துத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கலாம். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கும் ஆட்சியரே தலைவர்.

வேலை நடக்கும் நாளில் தெருவில் ஒருவர் இருக்க வேண்டும். மேட்டின் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்கு நாடா பிடித்தால் 3.7 மீட்டர் வர வேண்டும். பக்கவாட்டில் இரண்டு விளிம்பையும் தொட்டுச் செல்லும் கோட்டை ஒரு நூலால் சுவரில் குறித்து, நடுவில் மேடு அதற்கு மேல் எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று அளந்தால் 10 சென்டிமீட்டர். 15 இருந்தால் சூட்டோடு சூடாக அங்கேயே சொல்ல வேண்டும். ரோலர் போன பிறகு யாரும் சுரண்ட மாட்டார்கள். மேடு போட்ட அன்றே பட்டை அடிக்க முடியாவிட்டால், அன்றிரவுக்கு இரண்டு பக்கமும் ஒளிரும் தடுப்பு வைக்கச் சொல்லுங்கள். புதுத் தாரின் கருப்பில் மேடு கண்ணுக்கே தெரியாது, பழக்கமான தெருக்காரருக்கும்கூட. பட்டை மங்கும்போது புதிதாக மனு எழுத வேண்டியதில்லை. பழைய கோப்பு எண்ணைக் குறிப்பிட்டு, மறுவண்ணம் மட்டும் கேட்டு நாலு வரி எழுதினால் அது அதே கோப்பில் சேரும்.